மெட்டுக்குக் கூலி

மலாக்காவின் பெம்பான் வட்டாரத்தில் கல்யாணம் கட்டிய பெண்கள் பாதிப் பேருடைய உடம்பளவு பவானேஸ்வரியின் தலைக்குள் இருந்தது. யார் தோள் இறங்கியது, யாருக்குக் கை பருத்தது என்று அவளைக் கேட்டால் போதும். ரவிக்கை தைத்துத் தருவாள், கூலியைக் கறாராக வாங்குவாள். இருநூறு கிராம் மணியைத் தைத்துக் கொடுத்துவிட்டு "குடுக்கிறத குடு" என்று சொல்கிற ரகம் இல்லை அவள்.

ஆனால் அதே பவானேஸ்வரி இன்னொரு வேலையும் செய்தாள். அதற்குக் கூலி கேட்க மட்டும் அவளுக்கு வாயே வந்ததில்லை.

கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் செம்பனைக்கு மாறி, கூலிக்காரர்களின் லயன் வீடுகளை இடித்தபோது குடும்பத்தோடு பெம்பானுக்கு வந்தாள். கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிக்க ஆளில்லாமல் உட்கார வைத்தார்கள். விரல் தானாக ஓடியது. பிறகு கணவன் வசந்தன், செம்பனை எண்ணெய் லோரி ஓட்டுகிறவன், ஜாசினில் யாரோ விற்ற பழைய கீபோர்டை வாங்கிப் போட்டான். தையல் அறையில் துணி மூட்டைகள் நாலு பக்கமும் அடைந்து கிடப்பதால் அங்கே எதிரொலியே கிடையாது. பெரிய ஸ்டூடியோக்காரன் பஞ்சு ஒட்டிச் செய்வதை ஜாக்கெட் பிட்டுகள் செய்தன. கைப்பேசியில் பதிந்து தன் சேனலில் போடுவாள். முகம் காட்ட மாட்டாள், விரல்தான் தெரியும். எல்லாம் சொந்த மெட்டு, பாட்டுக் கிடையாது, வெறும் இசை.

அவற்றில் ஒன்று 'லோரி வரும் நேரம்'. புல்லாங்குழல் ஓசையில் மெட்டு. தாளத்துக்குக் காலி மைலோ டின். கீபோர்டுக்குள்ளேயே தாளம் இருக்கிறதே என்று வசந்தன் கேட்டதற்கு, "அது ஊர்ல இருக்கிற எல்லா கீபோர்டுலயும் இருக்கு, இது என் டின்னுலா" என்றாள். அந்தப் பிடிவாதம் பின்னால் உதவியது.

கல்யாண வீடியோ எடுக்கும் கவிநேசன் பாயா ரும்புட்டைச் சேர்ந்தவன். ரவிக்கை வாங்க வந்த மணப்பெண்ணோடு ஒருநாள் வந்தவன், அந்த மெட்டைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, இத வீடியோல போட்டுக்கட்டா?"

"போட்டுக்கோ தம்பி."

அவ்வளவுதான் ஒப்பந்தம். அதன்பிறகு மலாக்காவில் எந்த மணப்பெண் மண்டபத்துக்குள் நடந்து வந்தாலும் பின்னால் லோரி வந்தது. பவானேஸ்வரி தைத்த ரவிக்கை முன்னால் வரும், அவள் மெட்டு பின்னால் வரும். ரவிக்கை யார் தைத்தது என்று கேட்பார்கள். மெட்டு யாருடையது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவளுக்கும் அது பெரிய வருத்தமாக இல்லை, மழைச் சத்தம் வரும்வரை.

எங்கோ வெளிநாட்டில் ஒருவன் 'தூக்கத்துக்கான இசை' என்று சேனல் நடத்தினான். அவள் மெட்டை எடுத்து, மேலே மழைச் சத்தத்தைத் தெளித்து, தன் பெயரைப் போட்டுக்கொண்டான். லட்சக்கணக்கான பேர் கேட்டுத் தூங்கியிருந்தார்கள். வந்த விளம்பரக் காசு முழுக்க அவனுக்கு. மைலோ டின் சத்தம்கூட அப்படியே இருந்தது. பவானேஸ்வரி அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. யூடியூப்பில் புகார் கொடுத்தாள். அந்த வீடியோவை எடுத்தார்கள். அடுத்த வாரம் வேறு பெயர்களில் மூன்று முளைத்தன.

அப்போதுதான் விநியோக நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாள். இசையை இணையத்தில் பாட்டுக் கேட்கும் தளங்களுக்கெல்லாம் அனுப்பி, வரும் காசில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிற நிறுவனம். அதோடு இன்னொரு வசதியும் இருந்தது. அந்த மெட்டின் ஒலியடையாளத்தை யூடியூப்பிடம் கொடுத்து வைத்தால், வேறு யார் வீடியோவில் அது ஒலித்தாலும் யந்திரமே கண்டுபிடித்து உரிமை கோரும். விளம்பரக் காசு உரிமைக்காரருக்கு வரும். இரவல் தாளம், இரவல் துண்டு எதுவும் கலக்கவில்லையே என்று கேட்டார்கள். மைலோ டின்னை நினைத்துக்கொண்டு நெஞ்சு நிமிர்ந்து 'இல்லை' என்று போட்டாள். எந்தெந்தச் சேனலை விட்டுவிட வேண்டும் என்று கேட்டார்கள். தன் சேனலைப் போட்டாள். வேறு யாரும் அவள் நினைவுக்கு வரவில்லை.

அங்கேதான் கோட்டை விட்டாள். யந்திரத்துக்குக் கவிநேசனைத் தெரியுமா? மழைக்காரனையும் பிடித்தது, கவிநேசனையும் பிடித்தது. அவனுடைய பழைய கல்யாண வீடியோக்கள் ஒவ்வொன்றாக, முப்பதுக்கும் மேல், உரிமை கோரலில் விழுந்தன.

மத்தியானம் கவிநேசனிடமிருந்து போன் வந்தது.

"என்னக்கா இது? நீங்கதானே போட்டுக்கோன்னு சொன்னீங்க? இப்ப கேஸ் போட்டிருக்கீங்க!"

"கேஸ் இல்ல தம்பி. சேனல மூடற ஸ்ட்ரைக்கும் இல்ல. உன் சேனலுக்கு ஒண்ணும் ஆகாது..."

"சேனல் கிடக்கட்டும்கா! கல்யாண வீடியோல நான் விளம்பரமே போடறதில்ல, தெரியும்ல? இப்ப நடுவுல நடுவுல வருது. இருசம்மா வீட்டு வீடியோல என்னாச்சு தெரியுமா?"

தெரிந்துகொண்டாள். இருசம்மாளின் மகள் கோமளா கல்யாணத்தில், அப்பா இருளாண்டி மகள் கையைப் பிடித்து மேடைக்கு நடந்து வருவார். ரப்பர் மரத்தில் பால் வெட்டி வளைந்த முதுகை அன்றைக்கு மட்டும் நிமிர்த்திக்கொண்டு நடப்பார். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். இருசம்மாளுக்குத் தெரிந்த ஒரே ரிமோட் வித்தை, தொலைக்காட்சியில் அந்த வீடியோவைத் திறப்பது. தினமும் மனுசன் நடந்து வருவதைப் பார்த்துவிட்டுத்தான் சோறு. இப்போது அவர் மேடையில் கால் வைக்கும்போது திரை மாறி, ஒரு பெண் தலைமுடியை உதறி ஷாம்பூ விற்கிறாள்.

"சனிக்கிழமை தலைத் திவசம். சொந்தக்காரங்க எல்லாம் உக்காந்து பார்ப்பாங்க. எடுத்துடுங்கக்கா. அந்தப் பதிவையே மொத்தமா எடுத்துடுங்க. நமக்கு எதுக்கு இதெல்லாம்?"

நமக்கு எதுக்கு இதெல்லாம். அந்த வார்த்தை அவளைச் சுட்டது. பதிவையே எடுத்தால் மழைக்காரர்கள் மறுபடி கடை விரிப்பார்கள். மெட்டு தன்னுடையது என்று சொல்ல ஒரு நாதியும் இருக்காது. எடுக்காவிட்டால், செத்த மனுசன் முகத்தில் ஷாம்பூ விற்றுக் காசு பார்த்தவள் என்று ஊர் பேசும். அன்று தைத்த ரவிக்கையில் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்தாள். எடுத்துத் தொலைத்துவிடலாம் என்றுதான் முடிவு செய்தாள். அதற்கு முன் இருசம்மாளை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

மறுநாள் காலை பழம் வாங்கிக்கொண்டு போனாள். இருசம்மாள் வாசலில் படையல் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, அந்த விளம்பரம்... என்னாலதான். அந்த மியூசிக் என்னுது. மெஷின் தானா பிடிச்சிருச்சு. நான் எல்லாத்தையும் எடுத்துடறேன்."

இருசம்மாள் துடைப்பதை நிறுத்தினாள். "எது, எங்க வூட்டுக்காரரு நடந்து வர்ற பாட்டா? உன்னுதா அது?"

"ஆமா."

"நீயே வாசிச்சதா? சினிமால எடுத்தது இல்ல?"

"நானேதான் அத்தே. டின்னு தட்டுனதுகூட நான்தான்."

கிழவி துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். திட்டு வரப்போகிறது என்று பவானேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன்டி, எம் மகளுக்கு ரவிக்கை தச்சே. கைக்கு மணி வச்சதுக்குத் தனியா காசு கேட்டு வாங்குனே. இதுக்கு என்ன வாங்குனே?"

"இதுக்கு... ஒண்ணும் வாங்கல."

"ஏன்?"

பவானேஸ்வரி பழப் பையின் முடிச்சைப் பிரித்துப் பிரித்துக் கட்டினாள்.

"எங்க வூட்டுக்காரரு மழையில பாலு கொறஞ்ச நாளுகூட கூலிய விட்டதில்ல. கணக்கெழுதுற கிராணிகிட்ட நின்னு வாங்கிட்டுத்தான் வருவாரு. நீ எதுக்கு எடுக்கணும்? உன்னுத எவனோ திருடித் திங்கறதுக்கா? காசு வாங்குடி. அவரு மூஞ்சியில மட்டும் விளம்பரம் போடாத. அவ்வளவுதான்."

இத்தனை வருடத்தில் அந்த மெட்டுக்கு என்ன வாங்கினாய் என்று கேட்ட முதல் ஆள் இவள்தான். கேட்க வேண்டியவன் கவிநேசன், கேட்டிருக்க வேண்டியவள் அவளே.

வீட்டுக்கு வந்ததும் விநியோக நிறுவனத்துக்கு எழுதினாள். பதிவை எடுக்கச் சொல்லவில்லை. கவிநேசன் சேனலின் முகவரியைக் கொடுத்து, அவன் வீடியோக்கள் மீதான உரிமை கோரலை விடுவிக்கவும், இனி அந்தச் சேனலைத் தொடாமல் இருக்கவும் கேட்டாள். இருசம்மாள் வீட்டு வீடியோவின் முகவரியை முதலில் வைத்து, அவசரம் என்று சேர்த்தாள். பிறகு கவிநேசனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, உன்னுத எல்லாம் விடச் சொல்லிட்டேன். நான் செஞ்ச தப்பு, உன்னைக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும். ஆனா பதிவை எடுக்கமாட்டேன். பழசுக்குக் காசு வேணாம். ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழயும் என் பேரைப் போடு. இனிமே எடுக்கிற கல்யாணத்துக்குப் போடணும்னா ஒரு தொகை. எழுத்துல அனுப்பறேன்."

"என்னக்கா, பிசினஸ் பேசறீங்க."

"நீ கல்யாணத்துக்குச் சும்மாவா படம் எடுக்கிற?"

அவன் முணுமுணுத்தான். யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டான். நல்ல பையன்தான், நல்லவர்களுக்குத்தான் ஓசி வாங்கிப் பழகியது சீக்கிரம் தெரிவதில்லை.

நிறுவனத்தின் பதில் வியாழனும் வரவில்லை. வெள்ளியன்று பவானேஸ்வரி ஊசி கோர்க்கும் இடைவெளியில் எல்லாம் கைப்பேசியைத் திறந்து பார்த்தாள். சாயங்காலம் ஒருவரிப் பதில் வந்தது: விடுவித்தாயிற்று. நம்பிக்கையில்லாமல் அந்த வீடியோவை ஓட விட்டாள். இருளாண்டி முழுசாக நடந்து மேடைக்குப் போய்ச் சேர்ந்தார். ஷாம்பூக்காரி வரவில்லை.

சனிக்கிழமை படையல் முடிந்து, எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பவானேஸ்வரி அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். மெட்டு தொடங்கியது. கூடம் அடங்கியது, இருசம்மாளின் விசும்பல் மட்டும் கேட்டது. வீடியோ முடிந்ததும் கோமளா கைப்பேசியைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள்.

"'இசை: பவானேஸ்வரி, பெம்பான்.' அட, கவிநேசன் போட்டிருக்காரு!"

"எந்த பவானேஸ்வரி?" என்றார் தம்பின் ஊரிலிருந்து வந்த ஒரு சம்பந்தி.

"அதோ, வடை சுடுறாளே, அவதான்," என்றாள் இருசம்மாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எங்க வூட்டுக்காரரு நடந்து வர்றதுக்கு வாசிச்சவ."

எல்லாத் தலையும் அடுப்படிப் பக்கம் திரும்பியது. பவானேஸ்வரி கரண்டியோடு நின்றாள். சம்பந்தி எழுந்து வந்தார்.

"ஏம்மா, வைகாசில எங்க மகனுக்குக் கல்யாணம். புதுசா ஒண்ணு வாசிச்சுத் தருவீங்களா? எவ்வளவு ஆகும்?"

ரவிக்கை என்றால் கண் இமைக்கும் முன் விலை சொல்கிற வாய், அன்று தொகையைத் தேடியது. எண்ணெயில் வடை கருகத் தொடங்கியது. கூடத்திலிருந்து இருசம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவானேஸ்வரி அடுப்பை அணைத்தாள். ஒரு தொகை சொன்னாள். அதிகம்தான் என்று அவளுக்கே பட்டது. சம்பந்தி கொஞ்சம் குறைக்கக் கேட்டார்.

"குறையாதுங்க அண்ணே," என்றாள்.