குடம் சாரும் ஏழாவது கேள்வியும்

நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி தரும் அவருக்கு மைதானத்தில் வைத்த பெயர் ‘குடம்’. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டி, தாகம் இருக்கிறதோ இல்லையோ, ஓடுபவர் குடித்துக் காலியாக்கும்வரை நகரமாட்டார். நீண்ட ஓட்டத்தின் நடுவே வாழைப்பழம் கேட்டால், “பிக்னிக்கா வந்திருக்க?” என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று வாழ்ந்த மனிதர்.

பயிற்சியாளர் உரிமத்தைப் புதுப்பிக்க விளையாட்டு ஊட்டச்சத்து வகுப்பு கட்டாயம் என்றார்கள். வேண்டாவெறுப்பாகப் போனார். இரண்டு வரிசை தள்ளி, முன்பு அவரிடம் ஓட்டப் பயிற்சி பெற்ற பெண். போன பந்தயத்தில் மயங்கி விழுந்த பிறகு அவரிடம் வருவதை நிறுத்தியவள், இப்போது தானே பயிற்சியாளராகப் படிக்கிறாள். “பாட்டில் தண்ணியக் குடிக்காம எங்கயோ கொட்டியிருக்கா, அதான் மயக்கம். சொன்ன பேச்சக் கேட்டாத்தானே?” என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

வகுப்பில் செல்போனில் பதிலை அழுத்தும் தேர்வு ஒன்று வைத்தார்கள்; எந்தப் பதிலுக்கு எத்தனை ஓட்டு என்பது மட்டும், பெயரில்லாமல், திரையில் தெரியும். ஆறாவது கேள்வி, மூன்று மணி நேர ஓட்டத்துக்கு நடுவே மாவுச்சத்து தேவையா என்பது. தேவையில்லை என்று அழுத்தினார். தப்பு. முகம் சுளித்தார்.

ஏழாவது: ‘நீண்ட ஓட்டம் முடித்தவருக்குத் தலைவலி, வாந்தி. விரல்கள் வீங்கியுள்ளன. ஓடும் முன் இருந்ததைவிட எடை கூடியிருக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்?’

இதுகூடவா தெரியாது என்று, ‘நிறையத் தண்ணீர் தருவேன்’ என்பதைத் தட்டினார். திரையில் அந்தப் பதிலுக்கு விழுந்தது ஒரே ஓட்டு.

“யாரு போட்டீங்கன்னு கேக்க மாட்டேன்,” என்றார் ஆசிரியை. “ஓடினா எடை குறையணும். கூடியிருந்தா, வெளிய போனதவிட உள்ள போன தண்ணி அதிகம். ரத்தத்துல சோடியம் நீர்த்துப்போயிருக்கும். அப்ப வெறும் தண்ணியே குடுத்தா மூளை வீங்கும், உயிரே போகலாம். தண்ணிய நிறுத்திட்டு உடனே மருத்துவ உதவிதான்.”

அவருக்கு அவள் விழுந்த அந்தப் பந்தய நாள் நினைவுக்கு வந்தது. அன்று அவள் மோதிரம் விரலில் இறுகியிருந்தது. எடை ஏறியதைப் பார்த்து, “மெஷின் போச்சு” என்று தராசை ஓரமாகத் தள்ளியவர் அவரே. வாந்தி எடுத்தவளின் தலையைப் பிடித்து இன்னும் இரண்டு பாட்டில் ஊற்றியவரும் அவரே. அவள் ஒரு சொட்டும் கொட்டவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டதுதான் அவள் செய்த தப்பு.

எழுந்தார். அவள் பக்கம் கை காட்டினார்.

“அது நான் போட்டது. அந்தப் பொண்ணுக்கு நான் செஞ்சதும் அதேதான். அவ மேல பழி போட்டதும் நான்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

இடைவேளையில் அவளிடம் போனார். “உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?”

“ஆஸ்பத்திரியிலேயே சொன்னாங்க சார்.”

“ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?”

“சொல்ல வந்தேன் சார். நீங்க எல்லார் முன்னாடியும் திட்டிட்டிருந்தீங்க.”

பழக்க தோஷத்தில் கையிலிருந்த பாட்டிலை நீட்டிவிட்டார். நீட்டிய பிறகுதான் அதைப் பார்த்தார்.

அவள் வாங்கவில்லை.

“தாகம் எடுத்தா நானே குடிச்சுக்குவேன் சார்,” என்றாள்.