எண்பதாயிரத்துக்கு ஒரு கடதாசி

அண்டைக்கு ஒஸ்லோவில ஸ்டோவ்னர்ப் பக்கம் அந்த வீட்டு ஹோலில இருந்தது ஐந்து பேர். சீட்டுப் பிடிக்கிற அக்கா, அவவின்ரை புருஷன், ஸ்ட்ரோம்மனில வங்கியில வேலை செய்யிற அவையின்ரை மகள், என்ரை மனுசி, நான். வேறை ஒருத்தரும் இல்லை.

விசயம் இதுதான். பத்துப் பேர் சேர்ந்த சீட்டு, ஆளுக்கு மாசம் எண்ணாயிரம் குரோனர். நாலாவதாக எனக்கு விழுந்தது. கார் வாங்கப் போறன் எண்டு சொல்லித்தான் எண்பதாயிரத்தையும் வாங்கினனான். விடியக் காலமை துப்புரவு வேலைக்குப் போக எனக்கு அந்தக் கார் வேணும். அக்கா கணக்குக்கு அனுப்பிறன் எண்டா. மனுசி பாக்கிற கணக்கில விழவேண்டாம் எண்டு நான்தான் காசாய்த் தாங்கோ எண்டு கேட்டனான்.

இருபதாயிரம் பழைய கார்டுக் கடனுக்குப் போச்சு. மிச்ச அறுபதையும் என்ரை தனிக் கணக்கில போட்டு, அங்கையிருந்து இணையப் பணப்பைக்கு மாத்தி, ஒரே நாளில சூதாட்டத் தளத்திலை போட்டன். இஞ்சத்தை வங்கிகள் அந்தத் தளங்களுக்கு நேரடியாய்க் காசு விடாது, அதாலைதான் பணப்பை. இருபத்திரண்டுக்கு இறங்கி, பிறகு எழுபத்திநாலாயிரத்துக்கு ஏறினது. உடனை காசை எடுக்கிற பொத்தானை அமத்தினன். காசு வரேல்லை. கடிதம் வந்தது. தளத்துக்காரர் எழுதியிருந்தாங்கள், நீங்கள் போட்ட காசு உங்களுக்கு எங்காலை வந்தது, முப்பது நாளுக்குள்ளை காட்டுங்கோ எண்டு.

சம்பளச் சீட்டு அனுப்பினன். மாசச் சம்பளம் இருபத்தியாறாயிரம், போட்டது அறுபதாயிரம், பொருந்தேல்லை எண்டு எழுதினாங்கள். வங்கிக் கணக்கு அனுப்பினன். இது காசு எப்ப வந்தது எண்டு மட்டும்தான் சொல்லுது, எங்கையிருந்து எண்டு சொல்லேல்லை எண்டாங்கள். சீட்டுக் கொப்பியைப் படமெடுத்து அனுப்பினன், தமிழில பேரெழுதிச் சரி போட்டுக்கிடந்த பக்கத்தை. அதுக்குப் பதிலே இல்லை. பன்னிரண்டு நாள் நித்திரை இல்லை. பிறகுதான் மனுசியிட்டைச் சொல்லி, அவவையும் கூட்டிக்கொண்டு அக்காவிட்டைப் போனன்.

மகள்பிள்ளை கடிதத்தை இரண்டு தரம் வாசிச்சாள். இவ்வளவு நாளும் கிழமைக்கு முந்நூறு போட்டு விளையாடின ஆள் ஒரே நாளில அறுபதாயிரம் போட்டால், ஆரின்ரையோ களவுக் காசை வெளுக்கிறாரோ எண்டு தளத்துக்காரர் பாக்கத்தான் வேணும், அது சட்டம் எண்டாள். கடன் வாங்கி விளையாடுறாரோ எண்டும் பாப்பினமாம். நான் கெதியாய், பரிசாய்த் தந்தது எண்டு அக்கா ஒரு கடிதம் தந்தால் சரிதானே எண்டு கேட்டன்.

"பொய்க் கடிதம் எழுதினால் அம்மாவும் மாட்டுப்படுவா, மாமா," எண்டாள். "உண்மையையே காட்டலாம். அம்மா காசு எடுத்த நாள் கணக்கில கிடக்குதானே."

கிடந்தது. மற்ற ஆக்கள் போனால அனுப்பின காசு, அக்கா எண்பதாயிரம் எடுத்தது, அடுத்த நாள் நான் என்ரை கணக்கில அறுபதாயிரம் போட்டது. காசாய் வாங்கி நான் அறுத்த நூலை அவள் திருப்பி முடிஞ்சு தந்தாள். பேர்கள் தெரியவருமே எண்டு அக்கா ஒவ்வொருத்தருக்கும் போன் எடுத்து, விசயத்தைச் சொல்லிக் கேட்டா. என்ரை வெக்கம் ஒவ்வொரு வீடாய்ப் போனதைப் பக்கத்திலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தன். ஒருத்தர் மட்டும் மாட்டன் எண்டார். அவரின்ரை பேர் கிடக்கிற வரியை மறைச்சுவிட்டு அனுப்பலாம் எண்டாள் பிள்ளை.

அக்காவின்ரை புருஷன் தேத்தண்ணியைத் தந்துகொண்டே, "கார் நல்லா ஓடுதோ தம்பி?" எண்டார். மனுசி நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தா.

இது சீட்டுக் காசுதான் எண்டு பிள்ளை எழுதின கடிதத்திலை அக்கா கையெழுத்து வைச்சு, தன்ரை அடையாள அட்டைப் படமும் தந்தா. பணப்பைக் கணக்கையும் சேர்த்து எல்லாத்தையும் அங்கையிருந்தே ஏத்தினம். பாத்துச் சொல்லப் பத்து நாள் ஆகும் எண்டு பதில் வந்தது.

அந்தப் பத்து நாள்தான் என்னை முடிச்சது. போடவும் ஏலாது, எடுக்கவும் ஏலாது. ஆனால் உள்ளை கிடந்த காசிலை விளையாட வழி திறந்து கிடந்தது. ஏன் அப்பிடி விட்டவங்களோ தெரியாது. ஏற்கமாட்டாங்கள், கணக்கை மூடிப்போடுவாங்கள், எல்லாம் போகப்போகுது எண்டு நினைச்சு நினைச்சு, வேலைத்தலத்துக் கழிப்பறைக்குள்ளை கதவைச் சாத்திக்கொண்டு நின்று விளையாட்டுப் பொத்தானை அமத்தினன். நாலாம் நாள் மிச்சம் ஐம்பதாயிரம். ஏழாம் நாள் பதினொண்டு. எட்டாம் நாள் ஒண்டுமில்லை.

ஒன்பதாம் நாள் ரி-பானா ரயிலிலை போகேக்கை கடிதம் வந்தது. உங்கடை ஆவணங்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டன, இனி நீங்கள் காசு எடுக்கலாம் எண்டு.

அக்காவுக்கு இன்னும் சொல்லேல்லை. மனுசிக்குச் சொன்னன். அவ கலண்டரை எடுத்து, சீட்டுக்கு இன்னும் கட்டவேண்டிய மாசங்களை எண்ணினா. ஆறு மாசம், மாசம் எண்ணாயிரம். நாற்பத்தெண்ணாயிரம் குரோனர்.