ஐம்பது என்ற சராசரி

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நான் ஆசிரியராகச் சேர்ந்த அன்று, கணக்கு டீச்சர் காலி பெஞ்சு ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் அவருடைய மாலை வகுப்பில் ஐந்து பேர். அரையாண்டு மதிப்பெண்கள் 20, 22, 25, 90, 93. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். சராசரிதான் ஐம்பதாயிற்றே என்று தலைமையாசிரியர் வகுப்பை நிறுத்திவிட்டார். முப்பத்தைந்தைத் தொடாத அந்த மூவரும் உட்கார்ந்த பெஞ்சு அது; ஆண்டுத் தேர்வில் தோற்று, படிப்பையே விட்டார்கள்.

இந்த வருடமும் இரண்டு கெட்டிக்காரர்களால் சராசரி ஐம்பதைத் தொட்டது. மாலை வகுப்பு வேண்டாம் என்ற தலைமையாசிரியரிடம் டீச்சர் மதிப்பெண் பட்டியலை நீட்டினார்.

“அந்த ரெண்டு பேர் மார்க்குதான் சார் தூக்கிக் காட்டுது. வரிசையா வச்சு நடுவுல நிக்கிறதப் பாருங்க, வெறும் இருபத்தாறு.”

“விடமாட்டீங்களே டீச்சர்.”

“அந்த பெஞ்சு என்னை விடல சார்.”

இப்போது மாலை வகுப்பு நடக்கிறது. அந்த பெஞ்சில் மட்டும் அவர் யாரையும் உட்காரவைப்பதில்லை.