நாற்பது ரூபாய்ப் பால்

பத்தொன்பது வருஷம் ரியாத்தில் கிடந்த அப்துல் ஜப்பார் ஊருக்குக் கொண்டுவந்தது ஒரு பெரிய கம்பளி, இரண்டு பெட்டி, கொஞ்சம் சர்க்கரை வியாதி, அதோடு ஒரு பழக்கம். எதைப் பார்த்தாலும் அவர் ரேட்டைத்தான் பார்ப்பார். ரியாலுக்கு இன்றைக்கு எவ்வளவு என்று விசாரிக்காமல் அங்கே அவர் பல் துலக்கியதில்லை. இருபது பைசா ஏறட்டும் என்று சம்பளத்தை இரண்டு வாரம் கையிலேயே வைத்திருப்பார். அந்த இரண்டு வாரமும் இங்கே அவர் மனைவி பாஜிலா பக்கத்து வீட்டில் கடன் வாங்கி அடுப்பெரிப்பாள். ஏறிய இருபது பைசாவைப் பற்றி அவர் பத்து வருஷம் பேசியிருக்கிறார். கடன் வாங்கியதைப் பற்றி அவள் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. வீட்டில் அவர் கெட்டிக்காரர் என்ற பெயர் நிலைத்தது அப்படித்தான்.

திரும்பி வந்தவர் திருவேங்கடம் ரோட்டில் இருக்கிற சொந்த ஊரில் இரண்டு கலப்பின ஜெர்சி மாடுகளை வாங்கிக் கட்டினார். இரண்டும் புதிதாகக் கன்று போட்டவை. ஊர்ப் பால் சொசைட்டியில் உறுப்பினரானார். காலையும் சாயங்காலமும் கேனைத் தூக்கிக்கொண்டு போவார். செயலாளர் நாறும்பூநாதன் பாலை அளந்து, கொஞ்சம் மாதிரி எடுத்து மெஷினில் வைப்பார். அது ஒரு சீட்டைத் துப்பும். தேதி, வேளை, லிட்டர், ஃபேட், எஸ்.என்.எஃப், லிட்டருக்கு ரேட், தொகை. ஃபேட் பாலின் கொழுப்பு. எஸ்.என்.எஃப் கொழுப்பு போக மிச்சமிருக்கிற சத்து. இரண்டையும் அட்டவணையில் பொருத்தினால் ரேட் வரும். ரேட்டை லிட்டரால் பெருக்கினால் தொகை வரும். பத்து நாளைக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து ஒரே பில்லாக வரும். அதில் கடனுக்கு வாங்கிய தீவன மூட்டையின் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைப் பேங்கில் போட்டுவிடுவார்கள்.

ஏழு கட்டம் இருக்கிற சீட்டில் ஜப்பாரின் கண் ஆறாவது கட்டத்தில் இறங்கும். அங்கேயே குடியிருக்கும்.

“காலைல எட்டரை லிட்டர். ஃபேட் நாலு, எஸ்.என்.எஃப் எட்டு மூணு. ரேட் முப்பத்தி நாலு தொண்ணூறு. இருநூத்தித் தொண்ணூத்தாறு ரூவா அறுபத்தஞ்சு பைசா,” என்று வாசித்தார் நாறும்பூநாதன்.

“சாம்ராஜுக்கு எவ்வளவு ரேட்டு?”

“அவருக்கு எதுக்கு பாய்? அவரு மாடு வேற, உங்க மாடு வேற.”

“சும்மா சொல்லும் அண்ணாச்சி.”

“முப்பத்தாறு பத்து.”

அன்றைக்கு முழுக்க ஜப்பாருக்குச் சோறு இறங்கவில்லை. சாம்ராஜுக்கு ஒற்றை மாடு, நாலு லிட்டர் பால். எண்பது சென்ட் நிலமும் ஒரு மொபெட்டும் வைத்திருக்கிற ஆள். அவன் பால் தன் பாலைவிட ஒரு ரூபாய் இருபது காசு உசத்தி என்பது ஜப்பாருக்கு ஏதோ குடும்பக் கௌரவப் பிரச்சினை மாதிரி தோன்றிவிட்டது. மனிதன் தன் வறுமையைத் தாங்கிக்கொள்வான். பக்கத்துக் கேனின் ரேட்டைத்தான் தாங்கமாட்டான்.

அடுத்த வாரம் தடுப்பூசி போட வந்த கால்நடை உதவியாளரிடம் ஃபேட்டை ஏற்ற வழி கேட்டார். அவர் போகிற போக்கில் ஒரு விஷயம் சொன்னார். மடியில் முதலில் இறங்குகிற பால் தண்ணீராக இருக்கும், கறக்கக் கறக்கக் கொழுப்பு கூடும், கடைசியில் ஒட்டக் கறக்கிற பால்தான் கெட்டி. ஆகவே மடியில் மிச்சம் வைக்காமல் கறக்க வேண்டும். இதுதான் அவர் சொன்னது. ஜப்பார் கேட்டுக்கொண்டது வேறு. தண்ணீர்ப் பால் முழுவதையும் கன்றுக்கு விட்டுவிட்டு, கெட்டிப் பாலை மட்டும் சொசைட்டிக்கு ஊற்றினால்?

மறுநாளிலிருந்து கன்றுகளுக்கு ராஜயோகம். மடியில் பாதிக்கு மேல் அவை குடித்து மூச்சு வாங்கிய பிறகுதான் ஜப்பார் செம்போடு உட்கார்ந்தார். மெஷின் ஃபேட் ஐந்தரை காட்டியது. எஸ்.என்.எஃப் இருந்த இடத்திலேயே இருந்தது. ரேட் நாற்பது ரூபாய் முப்பது காசு.

“என்ன பாய், மாட்டுக்கு நெய்யா ஊத்துதீரு?” என்றான் சாம்ராஜ்.

“எல்லாம் பராமரிப்புலதான்வே இருக்கு,” என்றார் ஜப்பார்.

அந்தச் சீட்டைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். ரியாத்திலிருந்தும் தம்மாமிலிருந்தும் மாஷா அல்லாக்கள் வந்து குவிந்தன. ஊர்ச் சொசைட்டியிலேயே உயர்ந்த ரேட் வாங்குகிறவர் என்று பேராயிற்று. நாறும்பூநாதன் மட்டும் ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

“பாய், லிட்டர் குறையுதே?”

“ரேட்டைப் பாரும் அண்ணாச்சி.”

நாறும்பூநாதன் ரேட்டைப் பார்த்தார். பிறகு அடுத்த கேனைப் பார்த்தார். உறுப்பினர்களிடம் வாதாடுவதற்குச் சொசைட்டி அவருக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பாஜிலாவின் போனில் பேங்க் குறுஞ்செய்தி வந்தது. கணக்கு அவள் பேரோடு சேர்ந்தது.

“ஏங்க, போன தடவை ரெண்டாயிரத்து எழுநூறு கிட்ட வந்துச்சு. இப்ப ஆயிரத்து இருநூறுதான் வந்திருக்கு. பேங்க்ல ஏதும் புடிச்சிட்டானா?”

“தீவனத்துக்குப் புடிச்சிருப்பாங்கட்டி.”

“தீவனம் எப்பவும் ரெண்டு மூட்டைதான?”

“ஏட்டி, ரேட்டு ஏறியிருக்கு. ரேட்டு ஏறினா ரூவா பின்னாடி வரும்.”

“எங்கன நிக்குதாம் அது, வழியில?”

அவர் எழுந்து தொழுவத்துக்குப் போனார். கன்றுகள் இரண்டும் கழிந்துகொண்டிருந்தன. அளவுக்கு மீறிய பால் என்று டாக்டர் மருந்து எழுதிக்கொடுத்தார். அந்தச் செலவு எந்தச் சீட்டிலும் ஏறவில்லை.

இதெல்லாம் வெறும் வீட்டுக்கூத்தாகவே முடிந்திருக்கும். ஆனால் அந்த மாதக் கடைசியில்தான் பாஜிலாவின் தம்பி தாஹா ரியாத்திலிருந்து பேசினான். அவன் கம்பெனியில் குடோன் பார்க்க ஆள் வேண்டும், விசா இருக்கிறது, ஒரு மாதத்துக்குள் சொல்ல வேண்டும். ஜப்பாருக்கு ஐம்பத்திரண்டு வயது. இனி எட்டுப் பேர் படுக்கிற அறையில் மேல்கட்டிலில் ஏறிப் படுக்க உடம்பில் வலு இல்லை, மனசும் இல்லை. ஆனால் இரண்டு மாட்டை வைத்துக் குடும்பம் ஓடாது. பேங்க் கடன் கிடைத்து இன்னும் இரண்டு மாடு வந்தால் இங்கேயே இருந்துவிடலாம். கிடைக்காவிட்டால் பெட்டியைத் தூசி தட்ட வேண்டியதுதான்.

சங்கரன்கோவில் பேங்கில் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் மீனலோசினி என்ற அதிகாரி. கடைசி மூன்று மாத பால் பில்களையும், அதிலிருந்து எழுதிய வருமானக் கணக்கையும் கேட்டிருந்தார். ஜப்பார் கணக்கை ஒரே வரியில் எழுதிக்கொண்டு போனார். லிட்டருக்கு நாற்பது ரூபாய் முப்பது காசு, சொசைட்டியில் முதலிடம்.

மீனலோசினி அந்த வரியைப் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். ஒன்பது பில்களையும் தேதிவாரியாக அடுக்கினார்.

“முதல் ஆறு பில்லுல பத்து நாளைக்கு நூத்து நாப்பத்தெட்டு லிட்டர், ஐயாயிரத்து நூத்தி எண்பது ரூவா. அதை ஒட்டியே இருக்கு. கடைசி மூணுல தொண்ணூறு லிட்டர், மூவாயிரத்து அறுநூத்திச் சொச்சம். மாடு வத்திப்போச்சா?”

“இல்ல மேடம், மாடு நல்லா கறக்குது.”

“சீக்கா?”

“இல்ல மேடம். ரேட்டைப் பாருங்க, எவ்வளவு ஏறியிருக்கு.”

“ரேட்டு அஞ்சு ரூவா ஏறியிருக்கு. லிட்டர் அம்பத்தெட்டு இறங்கியிருக்கு. அந்தப் பால் எங்க சார் போச்சு?”

ஜப்பார் சுற்றுமுற்றும் பார்த்தார். பின்னால் நகைக்கடன்காரர்கள் ஐந்து பேர் ஆர்வமாக உட்கார்ந்திருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, கன்றுக்கு முதல் பால், சொசைட்டிக்குக் கடைசிப் பால் என்ற தன் ஏற்பாட்டைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் காதிலேயே அது வேறு மாதிரி விழுந்தது. இத்தனை நாள் அதை யாரிடமும் முழுசாகச் சொல்லிப் பார்த்ததில்லை. பெரும்பாலான அறிவாளித்தனம் அப்படித்தான். வாயைத் திறக்காதவரைதான் அதற்கு ஆயுள்.

“அப்ப ஐயாயிரம் ரூவா பாலை மூவாயிரத்து அறுநூறு ஆக்கியிருக்கீங்க,” என்றார் மீனலோசினி. “தீவனம் ரெண்டாயிரத்து நானூறு, அது குறையவே இல்லை. கையில நின்னது பாதிகூட இல்லை.”

“ரேட்டு...”

“தவணையை நாங்க ரேட்டுல புடிக்க மாட்டோம் சார், ரூவாயிலதான் புடிப்போம்.”

பின்னால் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

கூடிய லிட்டரோடு இன்னும் மூன்று பில் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார் மீனலோசினி. வருமானக் கணக்கில் பில் தேதி, லிட்டர், ஃபேட், ரேட், மொத்தம், பிடித்தம், மீதி எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். மூன்று பில் என்றால் ஒரு மாதம். தாஹா கொடுத்த கெடுவும் அதே மாதத்தோடு முடிகிறது.

அன்று சாயங்காலம் கன்றுகள் வழக்கம்போல மடியில் முட்டின. பால் சுரந்ததும் ஜப்பார் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அவை அவரைப் பார்த்த பார்வையில் நியாயமான புகார் இருந்தது. அளவாகக் குடிக்க விட்டு மற்றதையெல்லாம் ஒட்டக் கறந்தார். கேன் கனத்தது. சொசைட்டியில் நாறும்பூநாதன் சத்தமாகவே வாசித்தார்.

“ஃபேட் நாலு ஒண்ணு. ரேட் முப்பத்தஞ்சு இருபது.”

“என்ன பாய், மார்க்கெட்டு விழுந்துட்டா?” என்றான் சாம்ராஜ். “நெய் தீந்துபோச்சோ?”

“கறக்கது பாலு. உமக்கு என்னவே வந்துச்சு?”

“எனக்கு என்ன? முப்பத்தாறு பத்து. இப்ப நான்தான் மேல.”

ஜப்பார் பல்லைக் கடித்துக்கொண்டு கேனைக் கழுவினார். கன்றின் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் நாளைக்கே இவன் வாயை அடைத்துவிடலாம் என்று அந்த மாதத்தில் பலமுறை அவருக்குக் கை துறுதுறுத்தது. தளர்த்தவில்லை. அது ஞானம் என்று சொல்ல முடியாது. எட்டுப் பேர் படுக்கிற அறையின் பயம்.

மூன்று பில்லும் ஐயாயிரத்தை ஒட்டி வந்தன. மீனலோசினி கூட்டிப் பார்த்து, நடுவில் சரிந்த மாதத்தையும் சேர்த்தே சராசரி போட்டார். அந்தச் சரிவினால் ஒரு மாட்டுக்குத்தான் கடன் என்றார்.

“ரெண்டு கேட்டிருந்தேன் மேடம்.”

“சரியாத்தான் கேட்டிருந்தீங்க. அந்த மாசத்துப் பில் வேற மாதிரி சொல்லுது. ஒரு வருஷம் ஒழுங்கா கட்டுங்க, அடுத்ததுக்கு வாங்க.”

நாற்பது ரூபாய் ரேட்டுக்கு அவர் கொடுத்த விலை ஒரு முழு மாடு.

பேருந்து நிலையத்தில் நின்று தாஹாவைக் கூப்பிட்டார்.

“மச்சான், விசாவுக்கு என்ன முடிவு? ஆபீஸ்ல கேக்காங்க.”

“ஒரு மாட்டுக்குக் கடன் கிடைச்சிருக்கு.”

“ஒண்ணா? மொத்தம் மூணு மாட்டுல என்ன மச்சான் மிஞ்சும்?”

ஜப்பார் சட்டைப்பையிலிருந்து வருமானக் கணக்கை எடுத்துக் கடைசிக் கட்டத்திலிருந்து வாசித்தார். தீவனம் போக, தவணை போக, மீதி இவ்வளவு. மறுமுனையில் தாஹா வெகுநேரம் சிரித்தான்.

“இது இங்கன எனக்குச் சாப்பாட்டுச் செலவு மச்சான்.”

“தெரியும்.”

“அப்ப?”

திருவேங்கடம் டவுன் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அதை விட்டால் அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து. சாயங்காலக் கறவை பிந்தினால் சொசைட்டியில் மெஷினை நிறுத்திவிடுவார்கள்.

“விசாவை வேற ஆளுக்குக் குடுத்துடு. மாடு கறக்கணும், வைக்கேன்,” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினார்.