மூன்று நிமிடத்தில் குரோமியம்

பிரவீனா நான்கு வருடமாக என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று யாராவது கேட்டால், அவள் கணவன் மணிவேல் "ஏதோ தண்ணி சுத்தம் பண்றாங்க" என்பான். அதற்கு மேல் அவனுக்குத் தெரியாது. அவளும் சொன்னதில்லை.

அவர்கள் சூளகிரியில் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளடங்கிய ஒரு தெருவில் குடியிருந்தார்கள். மணிவேல் ஓசூரில் ஒரு சின்ன பிளேட்டிங் பட்டறையில் பதினோரு வருடமாக வேலை செய்தான். வண்டிகளின் ஷாக் அப்சார்பர் கம்பிகளுக்குக் குரோம் முலாம் பூசுகிற இடம். தொட்டி நிறைய செங்கருப்பு ஆசிட். மின்சாரம் பாயும்போது அதிலிருந்து குமிழிகள் கிளம்பி வந்து உடையும். மெல்லிய புகைபோல ஒரு சாரல் எழும். அதை இழுத்து வெளியே தள்ள வேண்டிய காற்றாடியின் மோட்டார் எட்டு மாதமாக எரிந்து கிடந்தது. மணிவேலின் விரல் நுனிகள் எத்தனை சோப்புப் போட்டாலும் மஞ்சளாகவே இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் அவன் மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்தது. வலி இல்லை. மூச்சை இழுத்தால் சின்னதாக விசில் சத்தம் வரும். அதைச் சிரிப்புக்காக நண்பர்களிடம் செய்து காட்டுவான். ஓசூரில் பார்த்த டாக்டர், தூசி என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்திருந்தார்.

பிரவீனா ஊருக்கு வெளியே இருந்த ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள் குப்பையில் கொட்டுகிற மாங்கொட்டை ஓட்டை வாங்கி வந்து கரியாக்கி, அதில் இரும்பை ஏற்றி, பிளேட்டிங் கழிவுநீரைச் சுத்தம் செய்ய முடியுமா என்பதுதான் அவள் தலைப்பு. குரோமியம் கலந்த அந்த மஞ்சள் நீரில் கரியைப் போட்டுக் குலுக்கினால் கொஞ்ச நேரத்தில் மஞ்சள் போய்விடும்.

ஆடி மாதம் கல்லூரியில் ஒரு போட்டி அறிவித்தார்கள். ஆராய்ச்சியை மூன்று நிமிடத்தில், அந்தத் துறையே தெரியாதவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். திரையில் ஒரே ஒரு படம், அதுவும் அசையக்கூடாது. கையில் எந்தப் பொருளும் கூடாது. மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு நொடி போனாலும் ஆட்டத்தில் இல்லை. தமிழிலும் பேசலாம். நடுவர்களாக இயந்திரவியல் பேராசிரியர் ஒருவர், ஆங்கிலத் துறை ஆசிரியை ஒருவர், பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் மனிதவள அதிகாரி ஒருவர்.

அவளுடைய வழிகாட்டி தங்கமணி மேடம்தான் பெயரைக் கொடுத்தார். முதல் ஒத்திகையில் பிரவீனா பரப்புக்கவர்ச்சி, ஒடுக்க வினை என்று தொடங்கி நாற்பது நொடி தாண்டியதும் மேடம் கையைக் காட்டினார்.

"இது எனக்குப் புரியும். அந்த ஹெச்.ஆர்.காரருக்குப் புரியுமா? வீட்ல கெமிஸ்ட்ரி தெரியாத ஒருத்தர உக்கார வெச்சு சொல்லிப் பாருங்க. சொன்னா போதாது. அவங்க அத உங்களுக்குத் திருப்பிச் சொல்லணும். அப்பத்தான் புரிஞ்சுதுன்னு அர்த்தம்."

வீட்டில் அப்படி ஒருவன்தான் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மணிவேலை நாற்காலியில் உட்கார வைத்து, போனில் நேரத்தை ஓட விட்டாள். முடித்தபோது மூன்று நிமிடம் நாற்பது நொடி.

"குரோமியம் ஆறு, குரோமியம் மூணுன்னியே, அது என்னா? ரெண்டு சரக்கா?" என்றான்.

"ரெண்டும் ஒரே உலோகந்தாங்க. மூணா இருக்கும்போது செல்லுக்குள்ள சுளுவா போக முடியாது. ஆறா இருக்கும்போது போயிடும். நம்ம உடம்புக்கு சல்பேட்டுன்னு ஒண்ணு வேணும். அதுக்குன்னு செல்லுல ஒரு வழி இருக்குது. இந்த ஆறு பாக்கறதுக்கு அச்சா அதே மாதிரி இருக்கும். அதான் உள்ள விட்டுடுது."

மணிவேல் யோசித்தான். அவனுக்கு இந்த விளையாட்டு பிடித்துப் போயிருந்தது.

"கம்பெனி கேட்டுன்னு சொல்லேன். செக்யூரிட்டி நிக்கறான். யூனிபார்ம் பாத்துத்தான் உள்ள விடுவான். வேற எவனோ நம்ம யூனிபார்மையே போட்டுக்கிட்டு வந்தா? மூஞ்சியவா பாக்கறான், விட்டுடுவான்."

பிரவீனா கைதட்டிவிட்டாள். "உள்ள போனதும் யூனிபார்மைக் கழட்டிடறான். அதாவது ஆறு, மூணா மாறிடுது. மாறும்போதே அங்க இருக்கறதையெல்லாம் ஒடைக்குது. அப்பறம் வெளிய வர்றதுக்கு அவங்கிட்ட யூனிபார்ம் இல்ல. உள்ளயே கெடந்து, கம்பெனியோட டிராயிங் எல்லாம் வெச்சிருக்கற ரூமுக்குப் போயி ஒட்டிக்கறான். டிராயிங் கெட்டா சாமான் தப்புத்தப்பா வரும். புத்துநோய்ங்கறது அதுதான்."

மறுபடி சொன்னாள். மூன்று நிமிடம் பத்து. மாங்கொட்டைக் கரியைப் பற்றிய பகுதியை அவனே குறைக்கச் சொன்னான். "அந்தக் கரி என்னா பண்ணுது? கேட்டுக்கு வெளியவே ஆளப் புடிச்சு யூனிபார்மைக் கழட்டிடுது. அவ்வளவுதானே? அத மட்டும் சொல்லு." இரண்டு நிமிடம் ஐம்பத்தைந்து நொடி. கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவள் வேலையைப் பற்றி இருவரும் இத்தனை நேரம் பேசியது அன்றுதான்.

"இப்ப நீங்க திருப்பிச் சொல்லுங்க" என்றாள்.

அவன் எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். நன்றாகவே சொன்னான். கேட், செக்யூரிட்டி, யூனிபார்ம். உள்ளே போய்க் கழற்றுவது. "வெளிய வர முடியாது" என்ற இடத்தில் நின்றான். கை தானாக மூக்குக்குப் போனது.

"இது எங்க தொட்டியில இருக்கறதுதானே?"

"ஆமா."

"ஆறா, மூணா?"

"ஆறு."

"டாக்டர் தூசின்னாரு."

பிரவீனா போனில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தை நிறுத்தினாள்.

"உள்ள போனது எப்பவுமே வராதா?"

"ரத்தத்துல இருக்கறது கொஞ்சம் ஒண்ணுக்குல போயிடுங்க. செல்லுக்குள்ள மாட்டுனது லேசுல வராது. எல்லாருக்கும் நோய் வரும்னு இல்ல. வருசம் ஆக ஆக வாய்ப்பு கூடும்."

"உனக்கு இது எப்பத்துலேர்ந்து தெரியும்?"

பொய் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. ஆனால் சொல்லவில்லை. "சேந்த மூணாவது மாசம். படிச்ச ரிசர்ச் பேப்பர்லயே இருந்துச்சு, மூக்குல ஓட்ட விழும்னு. மாஸ்க் போடுங்கன்னு சொன்னேனே. வேலைய விட்டுடலாமான்னு கூட ஒருதடவ கேட்டேன்."

"மாஸ்க் போடுன்ன. வேற வேல பாக்கறீங்களான்ன. இத சொல்லல."

அது உண்மை. சொன்னால் அவன் வேலையை விட்டுவிடுவான், வேலையை விட்டால் அவள் படிப்பு நிற்கும் என்று அவள் ஒருநாளும் வெளிப்படையாக நினைத்ததில்லை. அடுத்த மாதம் சொல்லலாம், இந்தக் கட்டுரை வெளியாகட்டும் என்று தள்ளிப் போட்டதுதான் நான்கு வருடமாகியிருந்தது.

மணிவேல் சண்டை போடவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல முதல் ஷிப்டுக்குப் போனான். பத்து மணி டீ நேரத்தில் பட்டறையில் இருந்த ஆறு பேரிடமும் அந்த மூன்று நிமிடப் பேச்சை அப்படியே சொன்னான். அவர்களில் இருவருக்குக் கன்னடம்தான் சரளம். அவர்களுக்குக் கன்னடத்தில் இன்னொரு தடவை சொன்னான். ஆஞ்சப்பன் என்கிற வயதான ஆள் தன் மூக்குக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டு, தனக்கும் ஓட்டை இருக்கிறது என்றார். காற்றாடி மோட்டாரைச் சரிசெய்யாமல் தொட்டியில் கம்பி இறக்க மாட்டோம் என்று ஏழு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

மதியத்துக்குள் மோட்டார் சரிசெய்ய ஆள் வந்துவிட்டான். மாலையில் சூப்பர்வைசர் மணிவேலை மட்டும் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். பதினோரு வருடமும் அவன் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. பிறகு பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, இது குரோம் ஆசிட்டால் வந்த ஓட்டைதான், நுரையீரல் இப்போதைக்குச் சுத்தமாக இருக்கிறது, வருடா வருடம் பார்க்க வேண்டும் என்றார்கள். வேலையால் வந்த நோய் என்று எழுதித் தர, பட்டறையில் வேலை செய்ததற்கு ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். பட்டறையில் அப்படி ஒருவர் இங்கே வேலையே செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இதற்கு நடுவில் போட்டி நாள் வந்தது. பிரவீனா போக வேண்டாம் என்றுதான் இருந்தாள். தங்கமணி மேடத்திடம் நடந்ததைச் சொன்னாள். மேடம், "பேர் குடுத்தாச்சும்மா" என்றார், அவ்வளவுதான்.

அரங்கில் முந்நூறு பேர். திரையில் ஒரு மஞ்சள் குடுவையும் ஒரு தெளிந்த குடுவையும். அவள் கேட்டையும் யூனிபார்மையும் சொன்னபோது மனிதவள அதிகாரி சிரித்துத் தலையாட்டினார். ஆங்கில ஆசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இரண்டு நிமிடம் ஐம்பத்திரண்டில் முடித்தாள். முதல் பரிசு கிடைத்தது. கேள்வி கேட்க விதியில் இடமில்லை. பரிசு கொடுத்த பிறகு இயந்திரவியல் பேராசிரியர் அருகில் வந்து கேட்டார்.

"தண்ணி சுத்தமாயிடும், சரி. தொட்டிக்கிட்ட நிக்கறாங்களே, அவங்களுக்கு இந்தக் கரி எதும் பண்ணுமா?"

"இல்ல சார்" என்றாள். "அது காத்துல வர்றது. அதுக்கு ஃபேன்தான்."

கோவையில் அடுத்த சுற்று, இரண்டு வாரம் கழித்து. மணிவேல் அதற்குள் கெலமங்கலம் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூ பேக்கிங் செய்யும் கொட்டகையில் சேர்ந்திருந்தான். பாதிச் சம்பளம். குளிரறையில் நின்று நின்று உதடு வெடித்திருந்தது. ஒரு காலையில் அவன் கிளம்பும்போது பிரவீனா கேட்டாள், "நான் கோயமுத்தூர் போகட்டுங்களா?"

"போ." செருப்பை மாட்டினான். "அந்தக் கேட்டுக் கதைய மட்டும் எடுத்துடு. அது நான் சொன்னது."

"ஏங்க..."

"நான் எனக்குத் தெரியாமயே அதைச் சொன்னேன். தெரிஞ்சிருந்தா அப்பிடிச் சிரிச்சுக்கிட்டுச் சொல்லியிருக்க மாட்டேன். நீ தெரிஞ்சுக்கிட்டே கைதட்டின."

அவள் வேறு உவமைகளைத் தேடினாள். பூட்டும் சாவியும், கள்ள நோட்டு, பஸ் டிக்கெட். எதுவும் பொருந்தவில்லை. கோவையில் அந்தப் பெரிய மேடையில், சல்பேட்டைப் போன்ற அமைப்பு, செல்சவ்வின் வழித்தடம் என்று புத்தகத்தில் இருப்பதையே சொன்னாள். எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு வார்த்தை தவறில்லை. முன்வரிசையில் ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார். இரண்டு நிமிடம் முப்பதிலேயே பேச்சு தீர்ந்துவிட்டது. மீதி முப்பது நொடியில் சொல்ல அவளிடம் ஒன்று இருந்தது, மணிவேலின் மூக்கும் அவள் சொல்லாமல் விட்ட நான்கு வருடமும்; அதைச் சொல்ல வாயைத் திறந்தாள், பிறகு "நன்றி" என்று சொல்லி இறங்கினாள்.

வெற்றி பெற்றவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. சேலம் வழியாக வந்த பஸ்ஸில் சூளகிரி இறங்கியபோது மறுநாள் மாலை ஐந்து மணி. வீடு பூட்டியிருந்தது. மணிவேல் இரண்டாவது ஷிப்டுக்குப் போயிருந்தான். அடுப்பில் அவளுக்குச் சோறு வடித்து மூடி வைத்திருந்தான். அவள் பையை இறக்கி வைத்துவிட்டு, சாப்பிடாமல், கட்டிலில் ஓரமாக உட்கார்ந்தாள்.