நான்காவது ட்யூப்

சம்மட்டி படியேறுவதைப் பார்த்தாலே மருந்துக்கடைக்காரி வாய்ப்புண் ஜெல்லை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவாள். அவனும் ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டு போய்விடுவான். பதினோரு வருடமாக இதுதான் வழக்கம்.

மற்றவர்கள் யாரும் அவளிடம் அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியாது. தலைவலி மாத்திரை கேட்டாலும் எத்தனை நாளாக, எந்தப் பக்கம், என்ன சாப்பிட்டாய் என்று குடைந்தெடுப்பாள். கட்டியவன் கைவிட்டுப் போன பிறகு தனியாளாகக் கடையை நிமிர்த்தியவள். ஒருமுறை கேட்டதற்கு இரண்டுமுறை பதில் வாங்குகிற வாய் அவளுக்கு. அந்த வாய் சம்மட்டியிடம் மட்டும் மூடிக்கொள்ளும். காரணம் சொல்ல வெட்கம்தான். அவளுக்கு அவன் கைமேல் பயம்.

பயப்படாமல் என்ன செய்வாள்? பழைய கட்டடங்களை இடிக்கிற கூட்டத்துக்கு அவன் மேஸ்திரி; சம்மட்டி என்கிற பட்டப்பெயரே அதனால்தான். ஏணியைத் தப்பாகச் சாத்திய கூலியாளின் தாடையை ஒரே அறையில் பெயர்த்தவன். வழிவிடாத லாரி ஓட்டுநரைக் கதவோடு இழுத்துப்போட்டு, அவள் கடை வாசலிலேயே மிதித்தவன். சுவரை இடிக்கிற அதே வேகத்தில் மனிதர்களையும் இடிப்பான். வீட்டில் என்ன செய்வான் என்று அவன் மனைவியின் கன்னத்தைப் பார்த்தே தெரு தெரிந்துகொள்ளும்.

வாய்ப்புண் அவனுக்கு வருடத்தில் நாலைந்து முறை வரும். வேலை நெருக்கடி, தூக்கமில்லாத வாரம், அவசரத்தில் கன்னத்தைக் கடித்துக்கொள்வது, இப்படி ஏதாவது ஒரு சாக்கு. சிகரெட்டை ஒரு மாதம் விட்டபோது வாய் முழுக்கப் புண். உடனே திரும்பவும் பற்றவைத்துவிட்டான். உதட்டின் உள்ளே, கன்னத்தின் உள்ளே, சின்னதாக, உருண்டையாக, நடுவில் வெளுத்துச் சுற்றிலும் சிவந்து வரும். உயிர் போகிற மாதிரி எரியும். ஒரு வாரம் பத்து நாள், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம், தானாக ஆறிவிடும். அடுத்தது வேறு இடத்தில் வரும். ரத்தத்தில் இரும்புச்சத்தும் வைட்டமினும் குறைந்தாலும் இப்படி வரும், ஒரு பரிசோதனை செய்துபாருங்கள் என்று ஒரேயொரு தடவை துணிந்து சொன்னாள். "மருந்து விக்கிற வேலைய மட்டும் பாரு" என்றான். அதோடு சரி.

அன்று காலை கடை திறந்த சூட்டிலேயே வந்தான். அவள் கை வழக்கம்போல ஜெல்லுக்குப் போனது. டப்பாவைத் தொட்டதும் மனசில் கணக்கு ஓடியது. இரண்டு வாரம் முன்புதானே ஒன்று கொடுத்தோம்? அதற்கு முன்னால்? அதற்கும் முன்னால்? இது நான்காவது ட்யூப். ஒரு புண்ணுக்கு ஒன்று போதும், அதிலேயே பாதி மிஞ்சும். முதல் ட்யூப் வாங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது.

"அண்ணா, இது புதுப் புண்ணா? பழசேவா?"

"எதா இருந்தா உனக்கென்ன? குடு."

"அதே இடமா?"

"ஆமா, நாக்குல. ஓரத்துல ஒரு பல்லு ஒடஞ்சிருக்கு, அது குத்துது. இப்போ வலிகூட இல்ல. ஆறிக்கிட்டிருக்கு."

வலி நின்றால் ஆறிவிட்டது என்றுதான் அவன் தொழிலில் அர்த்தம். விலா எலும்பானாலும் விரலானாலும் அப்படித்தான். அந்தக் கணக்கையே நாக்குக்கும் போட்டுவிட்டான்.

"வாயத் திறங்க."

ஏன் திறந்தான் என்று அவனுக்கே தெரியாது. பதினோரு வருடத்தில் அவள் அந்தக் குரலில் பேசியதில்லை. டார்ச் அடித்துப் பார்த்தாள். இடதுபக்க நாக்கின் ஓரத்தில் ஒரே ஒரு புண். உருண்டை இல்லை. ஓரம் தடித்துத் தூக்கியிருந்தது. பக்கத்தில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு திட்டு.

"உங்க விரலால அமுக்கிப் பாருங்க. எப்படி இருக்கு?"

"கெட்டியா இருக்கு. கையில காய்ப்பு இருக்கில்ல, அந்த மாதிரி."

அவள் டப்பாவை அலமாரிக்குள் திருப்பி வைத்தாள். "ஜெல் கிடையாது. வாய்ப்புண்ணு எதுவா இருந்தாலும் மூணு வாரத்துக்குள்ள ஆறணும். ஆறலன்னா டாக்டர் பாக்கணும். பல்லு குத்தினதாவும் இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும். இன்னைக்கே பல் ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"குடுடி!"

"மாட்டேன்."

அவன் முஷ்டி கண்ணாடி மேசையில் இறங்கியது. கண்ணாடி சுக்குநூறானது. ஒரு சில்லு அவள் முழங்கையைக் கிழித்தது. உடைந்த மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து ஓங்கி அறைந்தான். காதில் ஙொய்யென்ற சத்தம். அவளுக்குப் பயம் போய்ப் பொல்லாத கோபம் வந்தது. ஷட்டர் இழுக்கிற கம்பி கைக்கு எட்டியது. அவன் தோளில் ஒன்று, முட்டியில் ஒன்று, பலங்கொண்ட மட்டும் போட்டாள். பக்கத்துக் கடைத் தையற்காரரும் சாவி செய்கிறவரும் ஓடிவந்து, கண்ணாடித் தூள்மேலேயே அவனைக் குப்புறத் தள்ளி ஏறி உட்கார்ந்தார்கள். அவன் உறுமினான். உதட்டில் ரத்தம்.

போலீஸ்காரர் வந்தார். அவள் முழங்கையைப் பார்த்ததும், "எழுதிக் குடும்மா, உள்ள தள்ளிடறேன்" என்றார்.

அவள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "பல் ஆஸ்பத்திரிக்குப் போனான்னா எழுதமாட்டேன். போகலன்னா இப்பவே எழுதறேன்."

"ஸ்டேஷனுக்கே போறேன்" என்றான் சம்மட்டி, தரையிலிருந்தபடி.

போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜெயிலுக்குப் பயப்படாதவன் பல் டாக்டருக்குப் பயப்படறான் பாரு" என்று சொல்லி அவனை ஜீப்பில் ஏற்றினார். நேரே பல் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கினார்.

அங்கேயும் அவன் சும்மா இருக்கவில்லை. கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்த டாக்டரின் கையைத் தட்டிவிட்டான். உடைந்த பல்லைத் தேய்த்துவிட்டு இரண்டு வாரம் பார்க்கலாம் என்றுகூட டாக்டர் சொல்லவில்லை. ஆறு வாரம் கடந்துவிட்டது, ஓரம் கெட்டியாக வேறு இருக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டு அன்றைக்கே துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. புற்றுநோய், ஆனால் ஆரம்பம். நாக்கின் ஓரத்தை வெட்டி எடுத்தார்கள், கழுத்திலிருந்து சில நிணநீர் முடிச்சுகளையும். சம்மட்டி பிழைத்துவிடுவான் என்றார் டாக்டர்.

இரண்டு மாதம் கழித்து மனைவியோடு கடைக்கு வந்தான். கழுத்தில் காதுவரை நீண்ட தழும்பு. வார்த்தைகள் குழைந்து குழைந்து வந்தன.

"உசுரக் குடுத்த. கண்ணாடி நான் போட்டுத் தரேன்."

கும்பிட வந்த கைகளைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. முகத்தில் அறைகிற மாதிரிச் சொல்லிவிட்டாள். "கும்பிடாதீங்க. மூணாவது ட்யூபுக்கே நான் கேட்டிருக்கணும். வேற யாரா இருந்தாலும் கேட்டிருப்பேன். உங்ககிட்ட கேக்கல. கேட்டா அடிப்பீங்கன்னு பயம். ரெண்டு வாரத்த நான் தின்னுட்டேன்."

அவன் கை பாதியில் நின்றது. மேலே போகுமா கீழே இறங்குமா என்று தையற்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

அதுவரை வாய் திறக்காத மனைவி அவனைப் பார்க்காமலே பேசினாள்.

"அவங்க ரெண்டு வாரம். நான் ஆறு வாரம். முதல் வாரத்துலேருந்தே நீ ஒரு பக்கமா மென்னு முழுங்கறதப் பாத்தேன். தலகாணி உறையில ரத்தக்கறையப் பாத்தேன். துவைச்சுப் போட்டுட்டு, கேக்காம இருந்தேன்."