பௌர்ணமியன்று பதினோரு பேருக்கும் ஓய்வு

கம்பெனியில் என் வேலை, ஓட்டுநர்களின் நேரத்தை எழுதுவது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண்களைச் செருப்புத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போகும் பஸ்கள். எத்தனை மணிக்கு வண்டி எடுத்தார், எத்தனை மணிக்கு விட்டார் என்று டிரிப் ஷீட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகும். ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு விழவில்லையென்றால் பெயரே மஞ்சளாகும். மாத முடிவில் திரை, பழுத்து வெடித்த மிளகாய்க் காடு.

மேனேஜர், முதலாளியின் மச்சான். அந்தத் தகுதி ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது. முதல் முறை சிவப்பைப் பார்த்தவர், நான் கவிதை எழுதுவதைச் சீண்டி, "கண்ணு கூசுது கவிஞரே, பச்சையா மாத்திடுங்க" என்றார். மணி நேரத்தை அல்ல, நிறத்தை. மாற்றினேன். மறுநாளிலிருந்து பதினைந்து மணி நேரம் ஓட்டியவரும் துளிர் நிறத்தில் தழைத்தார்.

"நடுவுல வண்டியிலேயே படுத்துத் தூங்குறானுங்கல்ல, அது ரெஸ்ட்டு இல்லாம இன்னாவாம்?" என்பது அவருடைய தொழிலாளர் சட்டம்.

பத்தொன்பது நாள் தொடர்ந்து ஓட்டிய ஒருவர், பத்தொன்பதாம் நாள் காலை வேங்கிக்கால் நுழைவில் சாலைத் தடுப்பில் ஏற்றிவிட்டார். யாருக்கும் காயமில்லை, பஸ்ஸின் முகம் மட்டும் நசுங்கியது. எட்டு வருடமாக வண்டியில் ஒரு கீறல் விழவிடாதவர். கவனக்குறைவு என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர் நேராகக் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குப் போய்த் தொழிலாளர் துறையில் மனு கொடுத்தார். ஆய்வாளர் வேலைநேரப் பதிவேட்டைக் கேட்டார்.

அன்று மத்தியானம் மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். வாயில் பாக்கு.

"எல்லா ஞாயித்துக்கிழமையும் எல்லாருக்கும் ரெஸ்ட்டுன்னு போடுங்க. மத்த நாள் எட்டு மணி நேரம். எவன் கேக்குறான்."

போட்டேன். மேல் கட்டத்தில் ஓர் 'ஓ' எழுதி, சுட்டியால் கீழே இழுத்தால் பதினோரு பேரும் ஒரே இழுப்பில் ஓய்வெடுத்துவிடுவார்கள். இழுக்கும்போதே சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். நடுவில் வந்த ஞாயிறு, பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக எங்கள் பஸ் அத்தனையும் ஸ்பெஷலாக ஓடிய நாள். இந்த ஊரில் பௌர்ணமியன்று சோம்பேறி ஆடுகூட வேலைக்குப் போகும். வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் அந்தத் தாளில் முத்திரை குத்தும்போதும் திறக்கவில்லை. அதை வீரம் என்று அன்றைக்கு எனக்கு நானே பெயர் சூட்டிக்கொண்டேன்.

விசாரணைக்கு மேனேஜர், நான், அந்த ஓட்டுநர். ஆய்வாளர் பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ஞாயித்துக்கிழமை பதினோரு டிரைவரும் ரெஸ்ட்டாங்க?"

"ஆமா சார். நாங்க ரூல்ஸ் பிரகாரம்தான்."

"மொத்தமே பதினோரு பேர்தான?"

"ஆமா சார்."

"அன்னிக்குப் பௌர்ணமி. எனக்குத் தற்காலிக பஸ் ஸ்டாண்டுல டூட்டி. உங்க வண்டி நாலு என் முன்னாடிதான் நின்னுச்சு. யாரு, நீங்க ஓட்டினீங்களா?"

மேனேஜருக்கு லைசென்ஸே கிடையாது. "கம்ப்யூட்டர் மிஸ்டேக் சார்" என்று என்னைக் கை காட்டினார். எருமை சேற்றிலிருந்து எழுந்து பக்கத்திலிருப்பவன் மேல் உதறுவது போல.

டிரிப் ஷீட்டுக் கட்டு வந்தே ஆகவேண்டியதாயிற்று. அதில் அந்த ஞாயிறு விடியற்காலையிலிருந்து ஓட்டுநரின் கையெழுத்து இருந்தது. பத்தொன்பது நாளும் இருந்தது. வேலை நீக்கத்தைத் திரும்பப் பெறுவதாக மேனேஜர் அங்கேயே எழுதிக் கொடுத்தார். விட்டுப்போன இரண்டு ஓய்வு நாட்களையும் இந்த மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றார் ஆய்வாளர். பொய்ப் பதிவேட்டுக்குத் தனியாக நோட்டீஸ் வரும் என்றார். "வரட்டும் சார், வரட்டும்" என்று மேனேஜர் கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொள்பவர்போலத் தலையாட்டினார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் ஓட்டுநரின் பக்கத்தில் போய் நின்றேன். நன்றி கேட்கத்தான் போனேன், மறைப்பானேன்.

"அது பௌர்ணமின்னு எனக்குத் தெரியும். வேணும்னேதான் விட்டேன்."

அவர் என்னை அவசரமில்லாமல் பார்த்தார்.

"அந்த ஆபீசரு கவனிக்காம வுட்டிருந்தா சார்?"

நான் பஸ் வருகிறதா என்று சாலையை எட்டிப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"பத்தொம்போது நாளும் நீங்கதான சார் எழுதினீங்க. பத்தாவது நாளே வந்து ஒரு வார்த்த, 'யோவ், போய்ப் படு'ன்னு சொல்லியிருக்கலாம்ல."

கீழ்பென்னாத்தூர் பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பியில் தலையைச் சாய்த்தார். வண்டி கிளம்புவதற்குள் தூங்கிவிட்டார்.